செங்கல் சுவரில் நியான் லோகோ: ஒளி சுவரில் நிஜமாக விழும்படி மாக்கப் செய்வது எப்படி

நியான் மாக்கப் செய்து பழகுபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். லோகோவைச் சுவர்ப் படத்தின் மேல் வைக்கிறார்கள், லேயர் ஸ்டைலில் Outer Glow போடுகிறார்கள், அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எழுத்தைச் சுற்றி ஒரு வண்ணப் புகை வருமே தவிர, சுவர் வெளிச்சமாவதில்லை.

இதற்குக் காரணம் ஒன்றுதான். புகை என்பது எதன் மேலும் சமமாகப் படியும். சுவரில் விழும் ஒளியோ சுவரின் நிறத்தோடு பெருக்கப்பட்டுத்தான் நம் கண்ணுக்கு வரும். வெளுத்த சாந்து அதிகமாக ஒளிரும், கருத்த செங்கல் குறைவாக ஒளிரும், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். ஆகவே சுவர் ஒளியை லோகோவிலிருந்து செய்யக்கூடாது. சுவர்ப் படத்திலிருந்தே செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை நடைமுறைப்படுத்தும் வழிதான்.

உதாரணமாக, "நிலா" என்ற சொல்லையும் அதன் மேல் ஒரு பிறையையும் இளஞ்சிவப்பு நியானாகச் செங்கல் சுவரில் வைப்போம். சுவருக்குக் கீழே ஒட்டினாற்போல ஒரு மர மேசை இருக்கிறது. வேலை போட்டோஷாப்பில். பெருக்கல், கூட்டல் இரண்டு பிளெண்ட் மோடும் உள்ள வேறு எந்த மென்பொருளிலும் இதே வரிசை செல்லும்.

## 1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் சரியான சுவர்ப் படம். மேகமூட்டமான பகலிலோ நிழலிலோ எடுத்த, ஒரே சீரான வெளிச்சமுள்ள படம் வேண்டும். இரவில் எடுத்த இருட்டுப் படம்தானே பொருத்தம் என்று தோன்றும், ஆனால் அது வேலைக்கு ஆகாது. நியான் விழும் இடத்தில் சுவரின் நிறம் என்ன என்பது நமக்குத் தெரிய வேண்டும். இருட்டுப் படத்தில் அந்தத் தகவலே பதிவாகியிருக்காது. வெயில் பட்டு, கூர்மையான நிழல் விழுந்த படத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நிழலை அழிக்கவே முடியாது.

அடுத்து, லோகோ கோடாக வேண்டும். நியான் என்பது வளைத்த குழாய், நிரப்பிய வடிவம் அல்ல. தடித்த எழுத்துருவில் உள்ள லோகோவாக இருந்தால், ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் பென் டூலால் ஒற்றைக் கோடு வரைந்து கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பைச் சுற்றிக் குழாய் ஓடுவதுபோல் செய்வதும் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் எதுவானாலும் ஒரே தடிமனுள்ள கோடுதான்.

மூன்றாவது, கோப்பை 16 பிட்டுக்கு மாற்றுங்கள்: Image > Mode > 16 Bits/Channel. நாம் மிகப் பெரிய அளவில் பிளர் செய்யப் போகிறோம். 8 பிட்டில் இருட்டான பகுதியில் ஒளி மெல்லக் குறையும் இடமெல்லாம் வளையம் வளையமாகப் பட்டை விழும். கடைசியில் மாற்றினால் விழுந்த பட்டை போகாது.

## 2. அளவைச் சுவரிலிருந்து எடுங்கள்

பலரும் தாவிச் செல்லும் படி இது. இதைத் தாண்டிவிட்டால் பின்னால் எல்லாமே ஊகமாகிவிடும்.

படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். நம் சுவரில் செங்கல் இருக்கிறது. ஒரு செங்கல்லின் நீளத்தை ஏறக்குறைய 20 செ.மீ. என்று கொள்ளலாம். படம் 4000 பிக்சல் அகலம், ஒரு செங்கல் 400 பிக்சல் வருகிறது. அப்படியானால் 1 செ.மீ. என்பது 20 பிக்சல்.

இனி மற்ற எல்லாம் கணக்கில் வந்துவிடும். 90 செ.மீ. அகலப் பலகைக்கு 1800 பிக்சல். 12 மி.மீ. குழாய்க்கு 24 பிக்சல் கோடு. குழாய் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்காது. சிறு தாங்கிகளின் மேல் சுவரிலிருந்து சில செ.மீ. தள்ளி நிற்கும். அதை 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது 60 பிக்சல்.

இந்த 60ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒளி எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். நீண்ட குழாய் ஒன்றுக்கு நேர் பின்னால் சுவரில் ஒளி உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து பக்கவாட்டில் இந்த இடைவெளி அளவே நகர்ந்தால் ஒளி பாதியாகும். இரண்டு மடங்கு நகர்ந்தால் ஐந்தில் ஒன்று, மூன்று மடங்கு நகர்ந்தால் பத்தில் ஒன்று. அருகில் வேகமாக விழுந்து, அப்புறம் நீண்ட வாலாக மெல்லத் தேயும். நியான் ஒளிக்கு அடையாளமே இந்த வால்தான்.

## 3. குழாயை வரையுங்கள்

"நிலா"வின் கோடுகளை ஷேப் லேயராக வையுங்கள்: உள்நிரப்பு இல்லை, 24 பிக்சல் கோடு, முனைகள் வட்டமாக. இப்படி வைத்தால் தடிமனைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். குழாயின் விளிம்புக்கு 255, 70, 120 போன்ற அழுத்தமான இளஞ்சிவப்பு. அதன் மேல் அதே கோட்டின் நகல் ஒன்று, 10 பிக்சல் தடிமனில், ஏறக்குறைய வெள்ளையான 255, 228, 235 நிறத்தில். இந்த மேல் கோட்டுக்கு மட்டும் 3 பிக்சல் Gaussian Blur. சுவருக்குத் தகுந்த எக்ஸ்போஷரில் படம் எடுத்தால் எரியும் குழாய் கேமராவுக்குத் தாங்காது. சிவப்பு முதலில் நிரம்பிவிடும், மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து ஏறும், நடுப்பகுதி வெளுத்துவிடும். குழாய் முழுவதையும் அழுத்தமான நிறத்திலேயே விட்டால் வண்ணம் பூசிய கம்பிபோல்தான் இருக்கும்.

இன்னொன்று: கோடு முழுவதும் ஒரே நீளமாக எரியக்கூடாது. உண்மையான நியானில் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் இணைப்புப் பகுதிமேல் கறுப்பு வண்ணம் பூசி ஒளியை மறைத்திருப்பார்கள். "நி"யிலிருந்து "லா"வுக்குப் போகும் இடத்தில் கோட்டை வெட்டி, அந்தத் துண்டை மட்டும் 25, 25, 28 நிறத்தில் தனி லேயராக வையுங்கள். அதோடு முனைகளிலிருந்து கீழிறங்கும் ஒரு மெல்லிய ஒயர், கோட்டின் நடுநடுவே நான்கைந்து தாங்கிகள். பார்ப்பவர் இவற்றைத் தனித்தனியாகக் கவனிக்கமாட்டார், ஆனால் இவை இல்லாவிட்டால் ஏதோ குறைவதாகத் தோன்றும்.

குழாய் லேயர்கள் எல்லாவற்றையும் ஒரு குழுவில் போட்டு "குழாய்" என்று பெயரிட்டு, இப்போதைக்குக் கண்ணை மூடி வையுங்கள். குழாய் தெரிந்துகொண்டிருந்தால் அதன் பிரகாசத்தில் சுவர் ஒளியின் குறை நமக்குத் தெரியாது.

## 4. சுவரை இருட்டாக்குங்கள்

சுவர்ப் படத்தின் மேல் ஓர் Exposure சரிசெய்தல் லேயர் போட்டு, Exposure மதிப்பை −2.5 ஆக்குங்கள். நம் படத்தில் ஐட்ராப்பர் வைத்துச் சிவப்பு சேனலைப் பார்த்தால் செங்கல் 140, சாந்து 190 இருந்தது. இப்போது செங்கல் ஏறக்குறைய 60, சாந்து 85 என்று இறங்கியிருக்கும்.

Brightness/Contrast, Curves ஆகியவற்றைவிட Exposure இங்கே ஏன் நல்லது என்றால், அது எல்லா இடத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. அறை விளக்கை மங்கலாக்கினால் நடப்பதும் அதுவே. சாந்துக்கும் செங்கல்லுக்கும் உள்ள விகிதம் கெடாமல் இருக்கும். அந்த விகிதத்தைக் கடைசியில் சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

சுவரை முழுக் கறுப்பாக்கிவிடாதீர்கள். எல்லாமே கறுப்பாகிவிட்டால் ஒளி வந்து விழ இடமிருக்காது. விளிம்புகள் தெரியாமல் லோகோ வெறும் இருட்டில் மிதக்கும்.

## 5. சுவர் ஒளியைக் கட்டுங்கள்

மொத்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள். முதலில் லேயர்களின் அடுக்கைப் பாருங்கள். மேலே இருப்பது மேலே:

```
குழாய்  (குழு, இப்போது மூடியது)
சுவர் ஒளி  (குழு: Linear Dodge)
    ஒளி  (குழு: Multiply)
        அகலம்   (Linear Dodge)
        நடு      (Linear Dodge)
        அருகு   (Linear Dodge)
        கறுப்பு  (Normal)
    சுவர் நகல்  (Normal)
Exposure −2.5
சுவர்
```

"சுவர் நகல்" என்பது இருட்டாக்காத, பகல் வெளிச்சத்துச் சுவர். அதுதான் சுவரின் நிறத்தை வைத்திருக்கிறது. அதன் மேல் "ஒளி" குழு பெருக்கல் மோடில் அமர்கிறது. ஒளி இல்லாத இடம் கறுப்பு என்பதால் அங்கே சுவர் நகலும் கறுப்பாகிவிடும். ஒளி இருக்கும் இடத்தில் சுவர் தன் நிறத்துக்குத் தகுந்தபடி தெரியும். இந்த மொத்தமும் Linear Dodge மோடில், அதாவது கூட்டலாக, இருட்டுச் சுவரின் மேல் சேர்கிறது. ஏற்கெனவே இருந்த அறை வெளிச்சத்தோடு புது வெளிச்சம் சேர்கிறது, அவ்வளவுதான்.

இனி மூன்று ஒளி லேயர்கள். குழாய்க் கோட்டை மூன்று நகல் எடுத்து, மூன்றுக்கும் 255, 45, 95 நிறம் கொடுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி அதன் பிறகு Gaussian Blur கொடுத்தால் அளவைப் பிறகும் மாற்றலாம்.

"அருகு": கோடு 45 பிக்சல், பிளர் 40.
"நடு": கோடு 80 பிக்சல், பிளர் 120.
"அகலம்": கோடு 300 பிக்சல், பிளர் 360.

பிளர் கூடக்கூடக் கோடும் ஏன் தடிக்கிறது? மெல்லிய கோட்டைப் பெரிதாகப் பிளர் செய்தால் ஒளி நீர்த்துப்போகும். 24 பிக்சல் கோட்டுக்கு 360 பிளர் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியவில்லையே என்று பிளரைக் குறைத்துவிடுவார்கள், நீண்ட வால் போய்விடும். கோட்டைத் தடிமனாக்கினால் பரப்பும் இருக்கும், வலிமையும் இருக்கும். மூன்று லேயர் வைப்பதற்கும் இதுவே காரணம். ஒற்றைப் பிளர் பஞ்சு மாதிரி ஒரே சீராக இறங்கி, ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். உச்சியும் வாலும் சேர்ந்து வர ஒன்று போதாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க "ஒளி" குழுவை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். அந்தக் குழுவின் கண் குறியை Alt அழுத்திச் சொடுக்கினால் மற்றவை மறையும். மற்ற கோடுகள் அருகில் இல்லாத ஒரு நேரான பகுதியைத் தேர்ந்தெடுத்து ஐட்ராப்பரால் சிவப்பு சேனலைப் படியுங்கள். குழாய் இருக்கும் இடத்தில் 255க்கு அருகில், 60 பிக்சல் தள்ளி 185 வாக்கில், 120 தள்ளி 125 வாக்கில், 180 தள்ளி 90 வாக்கில் இருக்க வேண்டும். பாதி ஒளி என்றால் 128 அல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். திரையின் எண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. பாதி ஒளி திரையில் ஏறக்குறைய 188. அதனால்தான் நியான் ஒளி நாம் நினைப்பதைவிட அகலமாகத் தெரிகிறது. எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. 60 பிக்சலிலேயே 80க்கு இறங்கிவிட்டால்தான் தவறு. "லா"வின் வளைவுக்குள் எண்கள் அதிகமாக வரும். பல பக்கத்திலிருந்து ஒளி சேரும் இடம் அது, அப்படியே இருக்கட்டும்.

இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் ஒரு தவறு: ஒளி அதிகமாக இருப்பதாகத் தோன்றினால் "ஒளி" குழுவின் ஒப்பாசிட்டியைக் குறைப்பார்கள். படம் முழுவதும் சட்டென்று பகலாகிவிடும். பெருக்கும் குழு விலகினால் அடியிலுள்ள வெளிச்சமான சுவர் நகல் வெளியே வருமே! குறைக்க வேண்டியது வெளிக்குழுவான "சுவர் ஒளி"யின் ஒப்பாசிட்டியை.

நிறத்திலும் ஒரு கவனம். ஒளி நிறத்தில் எந்தச் சேனலையும் 0 ஆக்காதீர்கள். 255, 0, 0 கொடுத்தால் சுவரின் பச்சையும் நீலமும் முழுவதும் போய், செங்கல்லின் வேறுபாடுகள் எல்லாம் ஒரே சிவப்பில் அமுங்கிவிடும். இன்னொரு பக்கம், செங்கல் சுவரில் நீல நியான் மங்கலாக விழுந்தால் அது பிழையல்ல. செங்கல் நீலத்தை அதிகம் திருப்பி அனுப்பாது. அதைச் சரிசெய்யப் போய் நீலத்தைக் கூட்டினால் மீண்டும் புகையில் போய் நிற்பீர்கள்.

## 6. செங்கல்லின் மேடுபள்ளத்தை ஒளியின் திசைக்கு மாற்றுங்கள்

படம் எடுத்தபோது வெளிச்சம் மேலிருந்து வந்தது. அதனால் ஒவ்வொரு செங்கல்லின் மேல் விளிம்பும் வெளிச்சமாக, கீழ் விளிம்பு நிழலாக இருக்கும். ஆனால் லோகோவுக்கு மேலே உள்ள செங்கற்களுக்கு நியான் ஒளி கீழிருந்து, அதுவும் சுவரை உரசிக்கொண்டு வருகிறது. அவற்றின் கீழ் விளிம்புதான் மின்ன வேண்டும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனாலும் ஏதோ பொருந்தவில்லை என்று படுவது இதனால்தான்.

சுவர் நகலை இன்னொரு முறை நகலெடுத்து, நிறத்தை நீக்கி, Filter > Stylize > Emboss கொடுங்கள். Height 3 அல்லது 4, Amount 80 வாக்கில். Angle வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே பாருங்கள், செங்கற்களின் கீழ் விளிம்பு வெளுத்துத் தெரியும் கோணத்தில் நிறுத்துங்கள். இதை "சுவர் நகல்" லேயருக்குச் சற்று மேலே, "ஒளி" குழுவுக்குக் கீழே, Soft Light மோடில் வையுங்கள். மாஸ்க் போட்டு லோகோவுக்கு மேலுள்ள பகுதியில் மட்டும் இருக்கச் செய்யுங்கள். லோகோவுக்குக் கீழே இது தேவையில்லை. அங்கே ஒளி மேலிருந்துதான் வருகிறது, படத்தில் உள்ள நிழலே பொருந்தும்.

வழுவழுப்பான பூச்சுச் சுவரானால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

## 7. மேசை சுவரைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும்

புதியவர்கள் சுவரை ஓரளவு சரியாகச் செய்துவிட்டு, மேசையில் மொத்தத்தையும் கெடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூரமாக இருக்கிறது, அதனால் மங்கலாக இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மேசை லோகோவின் அடியிலிருந்து 35 செ.மீ. கீழே இருக்கிறது. மேசைக்குச் சற்று மேலே உள்ள சுவரில் ஒளி மிகவும் சாய்ந்து, உரசியபடி விழுகிறது. குழாய் சுவரிலிருந்து 3 செ.மீ. மட்டுமே தள்ளியிருக்கிறது அல்லவா. மேசைப் பலகையோ ஒளியை நேருக்கு நேர் பார்த்துப் படுத்திருக்கிறது. ஒரே தூரம், ஆனால் மேசைக்குக் கிடைக்கும் ஒளி பக்கத்துச் சுவருக்குக் கிடைப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சுவரும் மேசையும் சேரும் கோட்டில் ஒளி ஒரு படி ஏற வேண்டும். அந்த ஒரு கோடு போதும், மேசை உண்மையாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

செய்யும் முறை 5ஆம் படியேதான். மேசைப் பகுதியின் வெளிச்ச நகல், அதன் மேல் பெருக்கல் மோடில் ஓர் ஒளிக்குழு, மொத்தமும் Linear Dodge. ஆனால் ஒளி லேயருக்கு எழுத்து வடிவம் வேண்டாம். 35 செ.மீ. தூரத்தில் எல்லா எழுத்தின் ஒளியும் கலந்துவிடும். கறுப்பின் மேல் லோகோவின் அகலத்துக்கு ஒரு நீள்வட்டம் வரைந்து, 300 பிக்சலுக்குக் குறையாமல் பிளர் செய்தால் போதும். மேசையின் ஆழத்தில், அதாவது சுவரிலிருந்து நம்மை நோக்கி வரும் திசையில், ஒளி அவ்வளவாகக் குறையாது. மேசையின் முன்விளிம்பு லோகோவை நோக்கி இல்லாததால் இருட்டாகவே இருக்கும், அதை மாஸ்க்கில் கழித்துவிடுங்கள்.

மேசை பளபளப்பானதா? உடனே லோகோவைத் தலைகீழாகப் புரட்டி மேசைமேல் ஒட்டிவிடாதீர்கள். கேமரா சுவரை நேராகப் பார்க்கும்போது, சுவரும் மேசையும் சேரும் கோட்டுக்கு மேலே லோகோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பிரதிபிம்பமும் அந்தக் கோட்டுக்குக் கீழே அவ்வளவு தள்ளித்தான் தொடங்கும். நம் லோகோ கோட்டுக்கு மேலே 700 பிக்சலில் இருக்கிறது. மேசைப் பலகை படத்தில் 250 பிக்சல் உயரம்தான் தெரிகிறது. ஆகவே கூர்மையான பிரதிபிம்பம் இந்த மேசையில் வரவே வராது. அரைகுறைப் பளபளப்பான மரத்தில் செங்குத்தாக நீண்ட ஒரு மங்கல் கீற்று மட்டும் வரலாம். புரட்டிய குழாயைச் சரியான இடத்தில் வைத்து, Motion Blur 90 டிகிரி, 1200 பிக்சல் கொடுத்து, Screen மோடில் ஒப்பாசிட்டியை 20 சதவீதத்துக்குள் வைத்தால் அது கிடைக்கும்.

மேசைமேல் குவளையோ செடியோ இருந்தால், லோகோவை நோக்கிய விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளி வரையுங்கள், எதிர்ப்பக்கத்தைத் தொடாதீர்கள்.

## 8. இப்போதுதான் கேமரா ஒளிவட்டம்

குழாய்க் குழுவைத் திறவுங்கள். சுவர் ஒளி சரியாக இருந்தால் இந்தக் கணத்திலேயே லோகோ எரியத் தொடங்கிவிடும், Outer Glow எதுவும் போடாமல்.

எரியும் பொருளைச் சுற்றி லென்ஸுக்குள் கொஞ்சம் ஒளி சிதறும். Outer Glow காட்டப் பார்ப்பது இதைத்தான். இது சுவரில் இல்லை, கேமராவில் இருக்கிறது. ஆகவே சுவரின் அமைப்பைப் பின்பற்றாது, முன்னால் நிற்கும் பொருள்மேலும் படியும். குழாயின் நகலை எல்லா லேயருக்கும் மேலே Screen மோடில் வைத்து, ஒன்றுக்கு 10 பிக்சல் பிளர், 50 சதவீதம். இன்னொன்றுக்கு 80 பிக்சல் பிளர், 15 சதவீதம். இதற்கு மேல் தேவைப்படுகிறது என்று தோன்றினால் குறை 5ஆம் படியில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

சுவர் சாய்வாகத் தெரியும் படமானால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். சுவர் ஒளி சுவரோடு சேர்ந்து சாய வேண்டும், கேமரா ஒளிவட்டம் சாயக்கூடாது. எனவே மூன்று ஒளி லேயர்களையும் நேராகவே பிளர் செய்து, ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் அடைத்து, அதை Distort கொண்டு சாயுங்கள். பிளரை வெளியே ஸ்மார்ட் ஃபில்டராக வைத்தால் அது சாய்த்த பிறகே வேலை செய்யும். ஒளி சுவரை விட்டு நம்மைப் பார்த்து நிற்கும். கேமரா ஒளிவட்டத்துக்கு நேர்மாறு: குழாயை முதலில் சாய்த்துவிட்டு, அதன் பிறகு பிளர். அத்தோடு குழாய் சுவரிலிருந்து தள்ளி நிற்பதால், சாய்வான பார்வையில் சுவர் ஒளியின் உச்சி குழாய்க்கு நேர் பின்னால் தெரியாது. சுவர் ஒளியைச் சில பிக்சல் நமக்கு அருகிலுள்ள பக்கமாக நகர்த்தினால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருப்பது கண்ணுக்குப் புலப்படும்.

## 9. கடைசிச் சோதனையும் மணிமணியான இரைச்சலும்

இப்போது விகிதச் சோதனை. தொடக்கத்தில் சிவப்பு சேனலில் செங்கல் 140, சாந்து 190. ஒன்றுக்கு மற்றது ஏறக்குறைய 1.36 மடங்கு. குழாயிலிருந்து 120 பிக்சல் தள்ளி, ஒளி விழுந்த இடத்தில் அதே செங்கல்லையும் பக்கத்துச் சாந்தையும் படியுங்கள். நமக்குச் செங்கல் 128, சாந்து 176 என்று வந்தால், விகிதம் 1.37. சுவர் உண்மையாகவே வெளிச்சம் வாங்கியிருக்கிறது. அதே இடத்தில் ஒளியை நேராகக் கூட்டியிருந்தால் செங்கல் 183, சாந்து 207 என்று ஆகியிருக்கும், விகிதம் 1.13. சாந்துக்கோடு மங்கி, மேலே புகை படிந்திருக்கிறது என்று அர்த்தம். கண் ஏமாறலாம், இந்த எண் ஏமாறாது. விகிதம் 1.2க்குக் கீழே இறங்கினால் கேமரா ஒளிவட்டத்தின் ஒப்பாசிட்டியை முதலில் சந்தேகப்படுங்கள். "ஒளி" குழு Multiply மோடில்தான் இருக்கிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். ஒளி 255ஐத் தொட்டு முட்டும் இடத்தில் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

பிறகு இரைச்சல். சுவர்ப் படத்தில் கேமராவின் இரைச்சல் இருக்கும், நாம் வரைந்த குழாயும் ஒளிவட்டமும் வழவழவென்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 50 சதவீதச் சாம்பல் நிற லேயர் ஒன்று, Overlay மோடில் வைத்து, அதில் Add Noise: 2 சதவீதம், Gaussian, Monochromatic. முழு அளவில், அதாவது 100 சதவீதத்தில், பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 8 பிட் ஜேபெக்காகச் சேமிக்கும்போது பட்டை விழாமல் காப்பதும் இந்த இரைச்சல்தான்.

## 10. குழாய்க்குப் பதில் ஒளிப்பெட்டி என்றால்

படிகள் அதேதான், ஆனால் ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிடுங்கள். முன்பக்க அக்ரிலிக் மட்டும் ஒளிரும், பக்கங்கள் உலோகத்தால் மூடிய எழுத்துப் பெட்டியானால் சுவருக்கு நேரடி ஒளி அநேகமாகக் கிடைக்காது. ஒளி முழுவதும் நம்மை நோக்கி வருகிறது. எழுத்தைச் சுற்றிச் சுவரில் ஒளி பரப்புவதுதான் இங்கே மிகச் சாதாரணமான பிழை. 5ஆம் படியை விட்டுவிட்டு, முன்னால் நீட்டியிருக்கும் மேசை, எதிரிலுள்ள தரை ஆகியவற்றுக்கு மட்டும் ஒளி கொடுங்கள். முகப்பும் ஒரே சீராக, வெளுத்த நடுக்கோடு இல்லாமல் இருக்க வேண்டும்.

பின்பக்கம் ஒளிரும் எழுத்து இதற்கு நேரெதிர். முகப்பு இருட்டு, ஒளி முழுக்கச் சுவரில். இங்கே 5ஆம் படியை முழுதாகச் செய்யுங்கள், கோட்டுக்குப் பதில் எழுத்தின் நிரப்பிய வடிவத்தையே பிளர் செய்யுங்கள், அதன் மேல் கூர்மையான கரிய எழுத்தை வையுங்கள். பிளர் அளவுக்கு மீண்டும் சுவரிலிருந்து எழுத்து தள்ளியிருக்கும் தூரமே அளவுகோல். 2 செ.மீ. தள்ளியிருந்தால் நம் படத்தில் அது 40 பிக்சல், "அருகு" லேயரின் பிளரை 25 வாக்கில் தொடங்கிப் பாருங்கள்.